இணைப்பா, இரண்டு நேரங்களா? முதல் மறுமொழியில் யாருடைய வேலை யாரிடம் போகிறது

புனேயில் வாழும் ஓய்வுபெற்ற மொழியியல் பேராசிரியர் ஒருவர், ஐதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவருக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் மின்னஞ்சல் எழுதுகிறார் என்று கொள்வோம். தெலுங்கும் மராத்தியும் கலந்து பேசப்படும் எல்லைப்பகுதி வழக்கைப் பற்றி அம்மாணவி எழுதிய கட்டுரையை அவர் படித்திருக்கிறார். அதே பகுதியில் தாம் இளைஞராக இருந்தபோது பதிவு செய்த ஒலிநாடாக்கள் சில தம்மிடம் இருப்பதாகவும், அவை பயன்படுமா என்று தெரிந்துகொள்ள அரைமணி நேரம் பேச விரும்புவதாகவும் எழுதுகிறார். மாணவிக்கு இது எதிர்பாராத கொடை. அன்று மாலையே மறுமொழி போகிறது: மிக்க நன்றி, தங்களுக்கு வசதியான நேரத்தைக் கீழுள்ள இணைப்பில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதன்கீழ் ஒரு முன்பதிவு இணைப்பு.

ஒன்பது நாட்கள் எந்தப் பதிலும் இல்லை. பத்தாம் நாள் மாணவி மீண்டும் எழுதுகிறாள். இம்முறை இணைப்பு இல்லை. வியாழன் காலை 11 மணி அல்லது வெள்ளி மாலை 4 மணி, இரண்டில் எது தங்களுக்கு ஏற்றது, நானே தொலைபேசியில் அழைக்கிறேன் என்று இரண்டு வரிகள். ஒரு மணிநேரத்திற்குள் பதில் வருகிறது: வெள்ளி மாலை.

நிகழ்வு கற்பனையானது, ஆனால் இதை ஒத்த ஒன்றை அறியாத ஆய்வுத்துறை இந்தியாவில் இராது. அந்த ஒன்பது நாள் மௌனத்திற்குப் பெரியவருக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது எளிதான விளக்கம், அதனாலேயே ஐயத்திற்குரியது. மின்னஞ்சல் எழுதத் தெரிந்தவருக்கு ஒரு பொத்தானை அழுத்தத் தெரியாமல் போகாது. அந்த மறுமொழி அவரிடம் எதைச் செய்யச் சொன்னது என்பதே இங்கு பார்க்க வேண்டியது.

இணைப்பைத் திறந்தவுடன் அவர் காண்பதை வரிசையாக நினைத்துப் பார்க்கலாம். முதலில் ஒரு மாதக் கட்டம். அதில் சில தேதிகள் அழுத்தமாகவும் மற்றவை மங்கலாகவும் தெரிகின்றன. ஒரு தேதியைத் தொட்டால் அரைமணிக் கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றைத் தேர்ந்தால் ஒரு படிவம் வருகிறது. பெயர் என்ன, மின்னஞ்சல் முகவரி என்ன, சந்திப்பின் நோக்கம் என்ன. இம்மூன்றையும் அவர் தம் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். எழுதியதை மீண்டும் எழுதச் சொல்வது, அந்தக் கடிதம் படிக்கப்படவில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும். படிவத்தை வைத்த மாணவி அப்படி நினைக்கவில்லை. ஆனால் படிவத்திற்கு அவளுடைய நினைப்பைச் சொல்லும் வழி இல்லை. மருத்துவமனையில் சீட்டு வாங்குபவரிடம் கேட்கப்படும் கேள்விகள் கொடை தர வந்தவரிடம் கேட்கப்படுகின்றன.

இந்த விவாதம் இந்தியாவில் தொடங்கியதன்று. காலண்ட்லி என்னும் சேவை 2013இல் தொடங்கிய பின்னர் முன்பதிவு இணைப்புகள் பரவலாயின. இன்று கூகுள் நாட்காட்டியிலேயே அந்த வசதி உண்டு. 2022 சனவரியில் அமெரிக்க முதலீட்டாளர் ஒருவர் ட்விட்டரில், இத்தகைய இணைப்பை அனுப்புவது யார் மேல், யார் கீழ் என்பதை வெளிப்படையாகக் காட்டும் செயல் என்று குறைகூறியதும் பெரிய சச்சரவு எழுந்தது. ஒரு சாரார் இணைப்பு அவமதிப்பு என்றார்கள். மறுசாரார், ஐந்தாறு மின்னஞ்சல்களை மிச்சப்படுத்தும் ஒன்றை அவமதிப்பு என்பது வீண் கௌரவம் என்றார்கள். கௌரவமும் சிக்கனமும் மோதிக்கொண்ட அந்தச் சச்சரவில் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படாமலே போயிற்று. இருவரில் ‘முடியாது’ என்று சொல்வது யாருக்குக் கடினம்? முதல் மறுமொழியில் இணைப்பை வைப்பதா, இரண்டு நேரங்களை வைப்பதா என்பதற்கு விடை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முதலில், இரண்டும் ஒரே செயலைச் செய்யும் இரு வழிகள் அல்ல என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஜான் சர்ல் 1976இல் பேச்சுச்செயல்களை வகைப்படுத்தியபோது, கேட்பவரை ஒன்றைச் செய்யவைக்கும் கூற்றுகளையும், பேசுபவர் தம்மையே ஒன்றுக்குக் கட்டுப்படுத்திக்கொள்ளும் கூற்றுகளையும் வெவ்வேறு வகையாகப் பிரித்தார். ‘வியாழன் 11 மணிக்குப் பேசலாமா’ என்பதில் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. எதிரிலிருப்பவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஒரு பாதி. அந்நேரத்தை எழுதியவர் அவருக்காக ஒதுக்கிவைத்துவிட்டார் என்பது மறுபாதி. ‘இணைப்பில் தேர்ந்தெடுங்கள்’ என்பதில் முதல் பாதி மட்டுமே இருக்கிறது. எழுதியவர் எந்த ஒரு மணிநேரத்தையும் இவருக்காக ஒதுக்கவில்லை. அந்தக் கட்டங்கள் இணைப்பு வைத்திருக்கும் எவருக்கும் திறந்தவை. இன்று காலியாகத் தெரியும் கட்டத்தை நாளை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. ‘ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள்’ என்பதற்கும் ‘ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள்’ என்பதற்கும் உள்ள தொலைவை எல்லோரும் அறிவர். முதலாவதைக் கேட்டு யாரும் கிளம்பிப் போவதில்லை. போனால் இரு தரப்பிற்கும் சங்கடம். எலன் ஐசக்ஸும் ஹெர்பர்ட் கிளார்க்கும் 1990இல் வெளியிட்ட ஆய்வொன்று இத்தகைய ஒப்புக்கான அழைப்புகளை ஆராய்ந்தது. அவற்றை அடையாளம் காட்டும் கூறுகளுள் ஒன்று, நேரமும் இடமும் தெளிவில்லாமல் விடப்படுவது. உண்மையான அழைப்பு நாளையும் வேளையையும் சொல்லும். முன்பதிவு இணைப்பு இங்கே ஒரு விந்தையான இடத்தில் நிற்கிறது. நேரம் நிமிடக்கணக்கில் துல்லியமாக இருக்கிறது. ஆயினும் அந்த நேரத்தைச் சொன்னவர் யாரும் இல்லை. எனவே அழைப்பு உண்மையானதா, ஒப்புக்கானதா என்பதைப் பெறுபவர் தாமாகவே ஊகிக்க வேண்டியிருக்கிறது. புனேப் பேராசிரியர் ஒன்பது நாட்கள் பேசாமல் இருந்ததை அந்த ஊகத்தின் முடிவாகக் கொள்ளலாம். இவளுக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை போலும், நாம் ஏன் வலிய நுழைய வேண்டும்?

பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் உருவாக்கிய பணிவுக் கோட்பாட்டை இந்த இடத்தில் நினைவுகூரலாம். 1978இல் நீண்ட கட்டுரையாகவும் 1987இல் நூலாகவும் வந்த அக்கோட்பாட்டின் சான்றுகளில் ஒரு பகுதி தமிழிலிருந்து, கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் திரட்டப்பட்டது. ஒரு கூற்று எதிராளிக்கு எவ்வளவு சுமையாகத் தோன்றும் என்பதை அவர்கள் மூன்று அளவைகளால் கணித்தார்கள். இருவருக்கும் உள்ள பழக்கத்தின் தூரம் ஒன்று. ஒருவருக்கு மற்றவர்மேல் உள்ள அதிகாரம் மற்றொன்று. அந்தச் சமூகத்தில் அக்கோரிக்கைக்கு உள்ள கனம் மூன்றாவது. புனே நிகழ்வில் இருவரும் முன்பின் அறியாதவர்கள், பெறுபவர் மூத்தவர், மேலும் அவர் கேட்க வரவில்லை, கொடுக்க வந்தார். மூன்று அளவைகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இங்கே தேடும் வேலையை மாணவி ஏற்றுக்கொண்டு, தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் அவருக்கு விட்டிருக்க வேண்டும். இரண்டு நேரங்கள் செய்வது அதைத்தான்.

ஏன் இரண்டு என்ற கேள்விக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. எந்த நேரத்தைச் சொன்னாலும் அது எதிராளிக்குப் பொருந்த பாதி வாய்ப்பு இருப்பதாகக் கொள்வோம். ஒரு நேரம் சொன்னால் இரண்டில் ஒரு முறை கடிதம் திரும்பி வரும். இரண்டு நேரங்கள் சொன்னால் குறைந்தது ஒன்றாவது பொருந்தும் வாய்ப்பு நான்கில் மூன்றாகிறது. மூன்று சொன்னால் எட்டில் ஏழு. இரண்டாவது நேரம் சேர்த்தது கால் பங்கு. மூன்றாவது சேர்ப்பது அரைக்கால் பங்கு மட்டுமே. ஆனால் ஒவ்வொரு நேரத்திற்கும் செலவு ஒன்றே, பதில் வரும்வரை அந்நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் காத்திருக்க வேண்டும். மூன்று, நான்கு என்று போகும்போது எழுதுபவரின் வாரம் பூட்டப்படுகிறது. படிப்பவருக்கும் அது தேர்வாக இல்லாமல் பட்டியலாகிவிடுகிறது.

இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. இரண்டு நேரங்களும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். வியாழன் காலை 10 மணி, வியாழன் காலை 11 மணி என்று சொன்னால் அவை பெயரளவில்தான் இரண்டு. அன்று காலை வகுப்பு இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே விழுந்துவிடும். திங்கள் மாலை 5 மணி, செவ்வாய் மாலை 5 மணி என்பதும் அப்படியே. தினமும் மாலையில் பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துவருபவருக்கு நாள் மாறினாலும் வேளை மாறவில்லை. ஆகவே நாளும் மாற வேண்டும், பொழுதும் மாற வேண்டும். வியாழன் முற்பகல் ஒன்று, வெள்ளி பிற்பகல் ஒன்று. ஐதராபாத் மாணவியின் இரண்டாம் கடிதம் வேலை செய்ததற்கு அதன் பணிவு மட்டும் காரணமன்று. அதிலிருந்த இரண்டு நேரங்கள் உண்மையிலேயே இரண்டாக இருந்தன.

இதுவரை சொன்னதைக் கேட்டு, இரண்டு நேரங்களே எப்போதும் மேல் என்று முடிவுகட்டினால் அது தவறாகும். அதே கடிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். முதுகலை மாணவி ஒருத்தி தன் ஆய்வேடு பற்றிப் பேச நேரம் கேட்டுப் பேராசிரியருக்கு எழுதுகிறாள். பேராசிரியர் மேற்சொன்ன நெறிப்படி அன்புடன் மறுமொழி எழுதுகிறார்: புதன் மாலை 5.30 அல்லது வெள்ளி காலை 8.30. நாளும் வேறு, பொழுதும் வேறு. மாணவி அன்றாடம் புறநகர் ரயிலில் இரண்டு மணிநேரம் பயணம் செய்து வருபவள். 5.30க்குச் சந்திப்பு என்றால் வீடு சேர இரவாகும், 8.30க்கு என்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும். அவள் என்ன எழுதுவாள்? ‘புதன் மாலை வருகிறேன், மிக்க நன்றி’ என்று எழுதுவாள்.

உரையாடல் பகுப்பாய்வாளர்கள் நெடுநாளாகக் காட்டிவரும் ஓர் உண்மை இங்கே பொருந்துகிறது. ஒரு முன்மொழிவுக்கு இசைவு உடனே, சுருக்கமாக வரும். மறுப்பு தயங்கி, காரணங்களைச் சுமந்துகொண்டு வரும். ஆம் என்பதற்கு ஒரு சொல் போதும். இல்லை என்பதற்கு ஒரு கதை வேண்டும். அந்தக் கதையில் மாணவி தன் வீடு எங்கே, இரவில் தனியே போவதில் என்ன தொல்லை, வீட்டில் யார் என்ன சொல்வார்கள் என்பதையெல்லாம் தன்னை மதிப்பிடப்போகும் ஒருவரிடம் விரிக்க வேண்டும். அதைவிட இருட்டில் ரயிலேறுவது அவளுக்கு எளிது. பேராசிரியருக்கோ, முதல் கடிதத்திலேயே காரியம் முடிந்துவிட்டது என்ற மனநிறைவு. அவருடைய இரண்டு நேரங்கள் அவர் பார்வையில் தேர்வு, அவள் பார்வையில் ஆணை. செலவு எங்கே போயிற்று என்பது எந்தக் கடிதத்திலும் பதிவாகவில்லை.

இந்த இடத்தில் முன்பதிவு இணைப்பு செய்வதை வேறு எதுவும் செய்யாது. அது மறுப்பை இல்லாமலாக்குகிறது. இருபது கட்டங்களில் பிற்பகல் 2 மணியைத் தொட்டவள் மற்றப் பத்தொன்பதையும் மறுத்ததாக யாரும் கொள்வதில்லை, காரணமும் கேட்பதில்லை. புனேப் பேராசிரியரைத் தொலைவில் நிறுத்திய அதே ஆளற்ற தன்மை இந்த மாணவிக்குப் புகலிடமாகிறது. சந்திப்பை மாற்ற வேண்டியிருந்தாலும், உறுதிப்படுத்தும் கடிதத்தின் அடியிலுள்ள மாற்றும் பொத்தானை அழுத்தினால் போதும். நான்கு வரி மன்னிப்புக் கோர வேண்டியதில்லை. அதிகாரம் உள்ளவர் தம் நேரத்தை இவ்வாறு திறந்துவைப்பது ஒதுங்கல் அன்று, விட்டுக்கொடுத்தல்.

எனவே நெறியை இப்படிச் சொல்லலாம். பெறுபவர் தயக்கமின்றி ‘முடியாது’ என்று சொல்லக்கூடியவராக, அதாவது மூத்தவராகவோ உதவி செய்ய வந்தவராகவோ முன்பின் அறியாதவராகவோ இருந்தால், முதல் மறுமொழியில் இரண்டு நேரங்கள். பெறுபவரால் அப்படிச் சொல்ல இயலாது என்றால் இணைப்பு. மேலே நோக்கி எழுதும்போது தேடும் உழைப்பைத் தன் பக்கம் வைத்துக்கொள்வதும், கீழே நோக்கி எழுதும்போது தேர்வைத் தன் கையிலிருந்து விடுவதும் ஒரே கொள்கையின் இரு முகங்கள். நடைமுறையில் இது பெரும்பாலும் தலைகீழாகவே நிகழ்கிறது. இளையவர்கள் புதிய கருவியின் ஆர்வத்தில் மூத்தவர்களுக்கு இணைப்பை அனுப்புகிறார்கள். மூத்தவர்கள் பழைய பழக்கத்தில் மாணவர்களுக்கு இரண்டு நேரங்களை விதிக்கிறார்கள்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தியக் கல்விநிலையங்களில் பெரும்பாலோர் நாட்காட்டியை முறையாக வைத்திருப்பதில்லை. இணைப்பு என்பது மந்திரமன்று. அதன் பின்னால் இருக்கும் நாட்காட்டியில் எந்த நேரம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்து மீதியைக் காலி என்று காட்டுகிறது, அவ்வளவுதான். வகுப்பு அட்டவணை துறை அலுவலகத்தின் சுவரில் தாளாக ஒட்டப்பட்டிருக்கும். துறைக்கூட்டம் வாட்ஸ்அப் செய்தியாக முந்தின நாள் இரவு வரும். தேர்வுப்பணி ஒரு சுற்றறிக்கையில் இருக்கும். இவை எதுவும் நாட்காட்டிக்குத் தெரியாது. ஆகவே அது இல்லாத நேரத்தை இருப்பதாகச் சொல்லி மாணவருக்கு வழங்கிவிடும். பின்னர் பேராசிரியர் மன்னிக்கவும் என்று எழுதி மாற்றுவார். மாணவர் இருமுறை வந்து திரும்புவார்.

மறுப்பு நியாயமானதே, ஆனால் அது கருவியின் குறையன்று, தயாரிப்பின் குறை. கண்டறிவதும் எளிது. ஒரு மாதத்தில் பதிவான சந்திப்புகளில் எத்தனையை மாணவர் மாற்றினார், எத்தனையை இணைப்பின் உரிமையாளரே மாற்றினார் என்று எண்ணிப் பார்த்தால் போதும். உரிமையாளர் மாற்றியவை இரண்டு மூன்று ஆகிவிட்டால் நாட்காட்டி பொய் சொல்கிறது என்று பொருள். நாட்காட்டி முழுவதையும் சீர்செய்ய வேண்டியதில்லை. பருவத் தொடக்கத்தில் வாரத்தில் இரண்டு பிற்பகல்களை, உதாரணமாகச் செவ்வாயும் வியாழனும் 2 முதல் 4 மணி வரை, மாணவர்களுக்கென ஒதுக்கி, இணைப்பு அந்நான்கு மணிநேரத்தை மட்டும் காட்டும்படி வைத்தால் போதும். அதோடு, குறைந்தது ஒரு நாள் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் வைத்தால், அதிகாலையில் எழுந்து பார்க்கும்போது எட்டு மணிக்கு யாரோ நேரம் எடுத்திருக்கும் அதிர்ச்சி இராது. இவ்வளவும் செய்ய இயலாதவர் மாணவருக்கு இணைப்பை அனுப்பாதிருப்பதே நேர்மை. அவர் இரண்டு நேரங்களைச் சொல்லி, ‘இவை ஒத்துவராவிட்டால் வகுப்பு நாளில் உனக்கு ஏற்ற இரண்டு நேரங்களை எழுது, காரணம் சொல்ல வேண்டியதில்லை’ என்று ஒரு வரி சேர்க்கலாம். கடைசி மூன்று சொற்கள் இல்லாவிட்டால் அந்த வரி பயன்படாது.

நாடு கடந்த கடிதங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே இரண்டு நேரங்களை எழுதுபவர் தடுக்கி விழும் வாய்ப்பு மிகுதி. இணைப்பு, பார்ப்பவரின் கணினியிலுள்ள நேரமண்டலத்தை எடுத்துக்கொண்டு தானே மாற்றிக் காட்டிவிடும். கையால் எழுதுபவர் கணக்குப்போட வேண்டும். நியூயார்க்கில் இருக்கும் ஆய்வாளர் ஒருவருக்கு 2026 மார்ச் 6 வெள்ளி, மார்ச் 10 செவ்வாய், இரண்டு நாளும் இந்திய நேரம் இரவு 8 மணி என்று எழுதியதாகக் கொள்வோம். வெள்ளியன்று அது அங்கே காலை 9.30, செவ்வாயன்று காலை 10.30. இடையில் மார்ச் 8 ஞாயிறு அன்று அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே நகர்த்துகிறது. ஐரோப்பா அதே மாதம் 29ஆம் நாள்தான் நகர்த்தும். இந்தியா நகர்த்துவதே இல்லை. இம்மூன்று வாரங்களில் பழைய நினைவில் கணக்கிட்டு ஒரு மணிநேரம் தவறவிடுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. ‘ஐஎஸ்டி’ என்று மட்டும் எழுதுவதும் போதாது. இஸ்ரேலும் அயர்லாந்தும் தத்தம் நேரத்திற்கு அதே மூன்றெழுத்தைப் பயன்படுத்துகின்றன. இரண்டு ஊர்களின் நேரத்தையும் அருகருகே எழுதி, இந்திய நேரத்திற்கு UTC+5:30 என்று குறித்துவிட்டால் ஐயமில்லை. அவ்வளவு பொறுமையில்லாதவருக்கு, கடல் கடந்த கடிதத்தில் மட்டும், நேரங்களுக்குக் கீழே இணைப்பையும் சேர்த்துவைப்பது பாதுகாப்பு.

சேர்த்துவைப்பதிலும் வரிசை முக்கியம். இணைப்பை முதலில் எழுதி, ‘அல்லது உங்களுக்கு ஏற்ற நேரத்தைச் சொல்லுங்கள்’ என்று முடிப்பவர் இரண்டு வேலைகளையும் எதிராளியிடம் தள்ளிவிடுகிறார். நேரங்களை முதலில் சொல்லி, இவை பொருந்தாவிட்டால் மட்டும் இணைப்பு என்று முடிப்பவர் தம் பங்கைச் செய்துவிட்டு வழியையும் திறந்துவைக்கிறார். சொற்கள் ஏறத்தாழ அவையே. சுமை மட்டும் இடம்மாறுகிறது.

இரண்டுமே தோற்கும் இடமும் ஒன்று உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முனைவர் பட்ட ஆய்வாளர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின்முன் தோன்றித் தம் பணியின் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். குழு உறுப்பினர் மூவரையும் ஓரிடத்தில் சேர்க்கும் பொறுப்பு வழக்கத்தில் ஆய்வாளரின் தலையில் விழுகிறது. முன்னைய கணக்கையே இங்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு நேரம் ஒவ்வொருவருக்கும் பொருந்த பாதி வாய்ப்பு என்றால், மூவருக்கும் சேர்ந்து பொருந்த எட்டில் ஒரு பங்கு. இரண்டு நேரங்கள் சொன்னாலும் ஏதேனும் ஒன்று மூவருக்கும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றைவிடக் குறைவு. ஒருவருடைய நாட்காட்டியை மட்டும் காட்டும் இணைப்பும் இங்கு உதவாது. எட்டு அல்லது பத்து நேரங்களை ஒரே பட்டியலில் இட்டு, ஒவ்வொருவரும் தமக்கு இயன்றவற்றைக் குறிக்கும் வாக்கெடுப்பே இங்கே பொருந்தும் கருவி. இருவர் பேசும் பணிவு நெறியை மூவர் குழுவிற்கு நீட்டி, ஒவ்வொருவராய் எழுதிக் கேட்டுக்கொண்டிருப்பவருக்குப் பருவம் முடிந்துவிடும்.

கடைசியாக, இருவகை மறுமொழிக்கும் பொதுவான ஒன்று. ‘பேச முடியுமா’ என்று ஒருவர் கேட்டால், அடுத்து வரும் கூற்றில் அவர் எதிர்பார்ப்பது நேரமன்று, இசைவு. நேரம் அதற்குப் பின்னால் வருவது. ஐதராபாத் மாணவியின் முதல் மறுமொழியில் நன்றி இருந்தது, இணைப்பு இருந்தது. ‘அந்த ஒலிநாடாக்களைக் கேட்க விரும்புகிறேன்’ என்ற வாக்கியம் இல்லை. அது இருந்திருந்தால், கீழே இணைப்பே இருந்திருந்தாலும் பேராசிரியர் அதைத் திறந்திருக்கக்கூடும். மாணவருக்கு இணைப்பு அனுப்பும் பேராசிரியருக்கும் இது பொருந்தும். ‘உன் இரண்டாம் இயலைப் படித்தேன், அதுபற்றிப் பேசவேண்டும்’ என்ற ஒரு வரி மேலே இல்லாவிட்டால், இணைப்பு எத்தனை கட்டங்களைத் திறந்துவைத்தாலும் மாணவர் வராமலே இருந்துவிடலாம். அந்த வரியை எழுதித்தரும் கருவி எதுவும் நாட்காட்டியில் இல்லை.

எனவே அந்தத் திங்கட்கிழமை மாலை போயிருக்க வேண்டிய மறுமொழி இதுவே:

‘மதிப்பிற்குரிய ஐயா, அந்த ஒலிநாடாக்களைப் பற்றி அறிய மிகவும் ஆவலாயிருக்கிறேன், அப்பகுதியின் பழைய பதிவு எதுவும் இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. வியாழன் காலை 11 மணிக்கோ வெள்ளி மாலை 4 மணிக்கோ தங்களை அழைக்கலாமா? இரண்டையும் தங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். இரண்டும் ஒத்துவராவிட்டால் தங்களுக்கு ஏற்ற நாளைச் சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.’

ஒலிநாடா காந்தப்பூச்சு உதிர்ந்து அழியக்கூடிய பொருள். அதைப் பதிந்தவரும் முதியவர். ஒன்பது நாட்களில் பெரும்பாலும் எதுவும் கெட்டுவிடுவதில்லை. ஆனால் இரண்டாம் கடிதம் எழுதத் தோன்றாத மாணவர்களும் உண்டு.